வசனத்துக்கு அடியில் ஓடும் இசையைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (26 விநாடி ரீல்)

காற்றாடி

வணக்கம். மூன்று நாளாக ஒரு ரீல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மொத்தம் 26 விநாடி. ஒரு முதியவர் பேசுகிறார், ஏதோ படக் காட்சியிலிருந்து எடுத்த வசனம். அதற்கு அடியில் மெல்லிய பியானோ. எனக்கு வேண்டியது அந்தப் பியானோதான்.

செய்து பார்த்தவை: ஷசாமில் ஏழெட்டு முறை போட்டேன். பெரும்பாலும் எதுவும் வரவில்லை. இரண்டு முறை மட்டும் ஒரு எலக்ட்ரானிக் டிராக்கைக் காட்டியது. கேட்டால் தாளம் அதிர்கிற வேறு ஏதோ இசை, பியானோவே இல்லை. ரீலின் கீழே Original audio என்று மட்டும் இருக்கிறது. அதைத் தொட்டால் அதே ஒலியைப் பயன்படுத்திய இன்னும் பத்துப் பன்னிரண்டு ரீல்கள் வருகின்றன. எதிலும் பாட்டின் பெயர் இல்லை. பதிவிட்டவரிடம் கேட்டேன், பதில் இல்லை.

வசனம் ஏறத்தாழ முழுக்க ஓடுகிறது. 0:16 முதல் 0:20 வரை மட்டும் அவர் பேசுவதில்லை. இதிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா?

மொட்டைமாடி

வசனத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள் சகோ. படம் தெரிந்துவிடும். படம் தெரிந்தால் அதன் இசைத் தொகுப்பில் எல்லாம் இருக்கும். நான் இப்படி நிறையக் கண்டுபிடித்திருக்கிறேன்.

காற்றாடி

படத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். தொகுப்பில் இருக்கும் எல்லாவற்றையும் ஓடவிட்டுக் கேட்டேன், இது இல்லை. காட்சியையே பார்த்தேன். அங்கே பின்னணியில் மழைதான் கேட்கிறது, பியானோ இல்லை.

ஒலிக்கோப்பு

படத்தின் தொகுப்பில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. காட்சிக்கு அடியில் ஓடும் பின்னணி இசை பல படங்களில் தனியாக வெளியாவதே இல்லை. ஆனால் காட்சியைப் பார்த்து அங்கே பியானோ இல்லை என்று உறுதி செய்தீர்களே, அது நல்ல வேலை. ரீல் செய்தவர் மேலே சேர்த்த இசை என்று தெரிகிறது.

ஒரே ஒரு விஷயத்தை இன்னொரு முறை கவனித்துச் சொல்லுங்கள். வசனம் ஒரே மூச்சாகப் போகிறதா, அல்லது நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா? வெட்டிய இடம் இருந்தால் அந்த நொடியில் பியானோ என்ன செய்கிறது? பியானோவும் சேர்ந்து குதித்தால் அது வசனத்தோடு ஒட்டியே வந்த இசை. வசனம் குதித்தும் பியானோ பாட்டுக்குத் தன் வழியில் போனால் அது பிறகு சேர்த்தது. எந்தத் தளத்தில் தேட வேண்டும் என்பதை இது ஒன்றே தீர்மானித்துவிடும்.

அப்புறம், அந்த எலக்ட்ரானிக் டிராக் இரண்டு முறையும் ஒன்றேதானா? ஆம் என்றால் அதை முழுதாக, கடைசிவரை கேளுங்கள்.

காற்றாடி

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். 0:08-ல் ஒரு வெட்டு இருக்கிறது. அதுவரை பின்னால் மழை இரைச்சல், அந்த நொடியில் மழை சட்டென்று நின்றுவிடுகிறது. பியானோ கொஞ்சமும் அசையவில்லை, அதே வேகத்தில் போகிறது. ஆக, மேலே சேர்த்ததுதான்.

அந்த டிராக்கையும் முழுதாகக் கேட்டேன். இரண்டு நிமிடம் கழித்து தாளம் நிற்கும் இடத்தில் இதே முதியவர், இதே வசனம்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் பியானோ அதிலும் இல்லை.

ஒலிக்கோப்பு

அதைத்தான் எதிர்பார்த்தேன். ஷசாமுக்கு எது பாட்டு, எது பேச்சு என்று தெரியாது. ஏவரி வாங் 2003-ல் எழுதிய கட்டுரையில் அதன் அடிப்படை இருக்கிறது. ஒலியின் அலைவரிசைப் படத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் உச்சப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிரண்டாகச் சேர்த்து, முதல் புள்ளியின் சுருதி, இரண்டாவதன் சுருதி, இரண்டுக்கும் நடுவே எத்தனை நேரம் என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகள்தான் ஒலியின் கைரேகை, அவை சேமிப்பில் இருக்கும் ஒரு பதிவோடு வரிசையாகப் பொருந்தினால் விடை. உங்கள் ரீலில் உரக்க இருப்பது பேச்சு, அதனால் பெரும்பாலான புள்ளிகளும் பேச்சினுடையவை. அதே வசனத்தை இன்னொருவர் தன் டிராக்கில் வெட்டிப் போட்டிருக்கிறார். ஷசாம் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறது, நீங்கள் கேட்ட அடுக்கை விட்டுவிட்டு மேல் அடுக்கைச் சொல்லியிருக்கிறது.

அதனால் முதல் வேலை பேச்சை அடக்குவது. 0:16 முதல் 0:20 வரை உள்ள துண்டைத் தனியாக வெட்டி அதை மட்டும் ஷசாமுக்குக் கேட்க வையுங்கள். நான்கு விநாடி குறைவுதான், ஆனாலும் அதிலிருந்து தொடங்குவோம்.

மெட்டுப்பித்தன்

இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? கூகுளில் 2020-லிருந்தே முனகித் தேடும் வசதி இருக்கிறது. பத்துப் பதினைந்து விநாடி முனகினால் போதும், சுருதி தப்பினாலும் வேகம் தப்பினாலும் கண்டுபிடித்துவிடும். அது பதிவைப் பார்ப்பதில்லை, மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது.

தட்டச்சன்

நான் கணினியில் பாட்டுகளை ஒழுங்குபடுத்த அகௌஸ்ட்ஐடி பயன்படுத்துகிறேன். பெயரே இல்லாத கோப்பைக் கொடுத்தாலும் சொல்லிவிடும். ரீலின் ஒலியைப் பிரித்து அதில் போட்டுப் பாருங்கள்.

ஒலிக்கோப்பு

தட்டச்சன், அது முழுக் கோப்புகளை அடையாளம் காண அமைத்தது. பாட்டின் தொடக்கத்திலிருந்து இரண்டு நிமிடத்தை எடுத்து ஒப்பிடும். நடுவிலிருந்து வெட்டிய துண்டுக்கும், மேலே பேச்சு கலந்ததற்கும் அது பொருந்தாது. உங்கள் பாட்டுத் தொகுப்புக்கு அது அருமையான கருவி, இங்கே பயன்படாது.

மெட்டுப்பித்தன் சொன்ன முனகல் நல்ல யோசனை. செய்து பாருங்கள் காற்றாடி.

காற்றாடி

நான்கு விநாடித் துண்டுக்கு ஷசாம் ஒன்றும் சொல்லவில்லை.

முனக முயன்றேன், ஆனால் எதை முனகுவது? மெட்டு என்று எதுவுமே இல்லை. தாழ்ந்த ஒற்றை ஸ்வரம் ஒன்று, பிறகு மேலே சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில், பிறகு ஒரு காத்திருப்பு. அடுத்து வேறொரு தாழ்ந்த ஸ்வரம், மறுபடி மேலே ஒரு கொத்து. இப்படியே இரண்டும் மாறி மாறி. முனகியபோது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பாட்டு வந்தது, எல்லாம் 10 சதவீதம், 12 சதவீதம் என்ற அளவில்.

ஒலிக்கோப்பு

சரி, அப்படியானால் இடது வலது முறை. காட்சியின் வசனத்தைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இருக்கும். பியானோவை ஸ்டீரியோவில் பதிந்திருந்தால் அது இரண்டு பக்கமும் சற்றே வேறுபடும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழித்தால் பொதுவாக இருப்பது அழியும், வேறுபடுவது நிற்கும்.

எஃப்எஃப்எம்பெக் இருந்தால் ஒரே வரி:

```
ffmpeg -i reel.mp4 -af "pan=mono|c0=0.5*c0-0.5*c1" side.wav
```

ஆடாசிட்டியில் செய்வதென்றால், டிராக்கின் மெனுவில் `Split Stereo to Mono` கொடுத்து, இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து `Invert` போட்டு, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றுதான்.

முடிவு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் குழம்பலாம். ரீல்களின் ஒலி மிகவும் அழுத்தப்பட்டது, அழுத்தும்போது பக்கவாட்டு வேறுபாட்டைத்தான் முதலில் சிக்கனம் செய்வார்கள். பயப்பட வேண்டாம், காதுக்கு மோசமாக இருந்தாலும் உச்சப் புள்ளிகள் மிஞ்சியிருந்தால் போதும்.

காற்றாடி

செய்தேன். side.wav முழுக்க அமைதி. அலை ஒரே நேர்கோடு. ஒலியைக் கூட்டிப் பார்த்தாலும் ஒன்றுமில்லை.

அலைவரிசை

முழு அமைதி என்றால் இடமும் வலமும் அச்சாக ஒன்று என்று பொருள். கோப்பு இரண்டு சேனல் என்று காட்டும், உள்ளே இருப்பது ஒரே மோனோ. இந்தப் பிரதி உங்களுக்கு எப்படி வந்தது?

காற்றாடி

நண்பர் ஒருவர் அவர் போனிலிருந்து மெசேஜில் அனுப்பினார். அவர் திரைப்பதிவு செய்தார் என்று நினைக்கிறேன்.

அலைவரிசை

அங்கேதான் போயிருக்கும். மைக் வழியாகப் பதிவாகியிருக்கலாம், அல்லது அனுப்பும்போது மோனோவாகச் சுருங்கியிருக்கலாம். அந்தப் பன்னிரண்டு ரீல்களில் மிகப் பழையதைத் தேடி, அதை ஆப்பிலிருந்தே நேராகச் சேமியுங்கள். கைமாறக் கைமாற ஒவ்வொரு படியும் ஒலியை மறுபடி அழுத்துகிறது. நல்ல பிரதி கிடைப்பதே பாதி வேலை.

நிலாமுற்றம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லைதான். நான் போட்ட ஒரு ரீலில் என் குரலுக்கு அடியில் பாட்டு வைத்திருந்தேன், ஒரு வாரத்தில் ஒலியை நிறுத்திவிட்டார்கள். பேச்சை இன்னும் உரக்க வைத்தால் பாட்டு பிடிபடாமல் இருக்குமா?

ஒலிக்கோப்பு

இல்லை. தளங்களின் உரிமைச் சோதனையும் இதே வகைக் கைரேகைதான், அதுவும் மிகப் பொறுமையானது. நீங்கள் மூச்சு விடும் இடைவெளிகளே அதற்குப் போதும். அந்த இசையைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது ஆப்பின் உள்ளேயே இருக்கும் பாட்டு வரிசையிலிருந்து எடுங்கள். இது வேறு கேள்வி, தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாகப் பேசலாம்.

காற்றாடி

நேரடிப் பிரதி கிடைத்தது! இப்போது கழித்தால் முதியவர் ஏறத்தாழக் காணாமல் போய்விட்டார். தூரத்தில் யாரோ சுவருக்கு அப்பால் பேசுவது போல ஒரு சுவடு மட்டும். பியானோ முன்னால் வந்து நிற்கிறது. முதன்முறையாக அதைத் தனியாகக் கேட்டேன், கண் கலங்கிவிட்டது.

ஆனால் முதல் எட்டு விநாடியில் மழை முன்பைவிட உரக்கக் கேட்கிறது. ஏன்?

இன்னொன்றும் தெரிந்தது. அலைவரிசைப் படத்தில் பார்த்தால் 0:00 முதல் 0:12 வரை இருக்கும் கோலமே 0:12 முதல் 0:24 வரை அப்படியே திரும்ப வருகிறது. ஷசாம் இன்னமும் மௌனம்தான்.

ஒலிக்கோப்பு

மழை நாலாபுறமும் பரவிய ஒலி. இடத்திலும் வலத்திலும் வெவ்வேறாக இருக்கும், அதனால் கழித்தலில் அது தப்பிவிடுகிறது. 0:08-க்குப் பிறகுள்ள பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கோலம் திரும்புகிறது என்றால் 12 விநாடி முன்னிசையை வெட்டி இரண்டு முறை ஒட்டியிருக்கிறார். மெட்டு ஏன் வரவேயில்லை, முனகல் தேடல் ஏன் தடுமாறியது என்பதற்கு அதுதான் காரணம். மெட்டு தொடங்குவதற்கு முன்பே அவர் திரும்பத் தொடக்கத்துக்குப் போய்விடுகிறார்.

இவ்வளவு சுத்தமாகக் கேட்டும் ஷசாம் மௌனம் என்றால் எனக்கு வேகத்தின் மேல்தான் சந்தேகம். இசையை இழுத்து மெதுவாக்கிப் போடுவது ரீல்களில் மிகப் பரவலான பழக்கம். புள்ளிகளின் சுருதியும் இடைவெளியும் சேர்ந்தே நகர்ந்துவிடும், அப்புறம் சேமிப்பில் இருக்கும் எதோடும் பொருந்தாது. பேச்சு இயல்பாக இருப்பதால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

போனில் ட்யூனர் ஆப் இருந்தால் அந்தத் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு அது என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள். ஊசி நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்து.

காற்றாடி

ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். முதலாவது E, இரண்டாவது B. இரண்டிலும் ஊசி நடுவில் நிற்கவில்லை, 17 முதல் 20 சென்ட் வரை மேலே நிற்கிறது. side.wav-ஐயும் இணைத்திருக்கிறேன்.

ஒலிக்கோப்பு

இரண்டும் ஒரே அளவு விலகியிருப்பதுதான் முக்கியம். ஒழுங்காகச் சுருதி சேர்த்த பியானோ இப்படி மொத்தமாக 18 சென்ட் ஏறி நிற்பது அபூர்வம். வேகம் மாற்றப்பட்டிருக்கிறது.

எவ்வளவு என்பதில் ஒரு சிக்கல். இழுத்துப் போடுபவர்கள் வழக்கமாக எடுக்கும் அளவுகள் 0.9, 0.85, 0.8. இவை சுருதியை முறையே 1.82, 2.81, 3.86 அரைச்சுரம் இறக்கும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். அதாவது பக்கத்து ஸ்வரத்துக்கு மேலே 18, 19, 14 சென்ட்டில் போய் நிற்கும். மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. ஆகவே ஊசியை மட்டும் வைத்து இழுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம், எத்தனை என்று சொல்ல முடியாது. மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

மெட்டுப்பித்தன்

இணைத்த கோப்பைக் கேட்டேன். மூன்று அடித் தாளம். முதல் அடியில் தாழ்ந்த ஸ்வரம், இரண்டாம் அடியில் கொத்து, மூன்றாவது காத்திருப்பு. இரண்டு அடிஸ்வரங்கள் மாறி மாறி. இது எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி, 1888-ல் எழுதியது. பியானோ கற்கும் யாருக்கும் தெரியும். முதல் நான்கு தாளக்கட்டும் இந்த ஊஞ்சல்தான், ஐந்தாவதில்தான் மெட்டு வரும்.

ஆனால் அது D மேஜரில் எழுதியது, ஊஞ்சல் G-க்கும் D-க்கும் இடையில். உங்களுடையது E, B. எனவே யாரோ B மேஜருக்கு மாற்றி வாசித்திருக்கிறார்கள். இழுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இசையே மெதுவானது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஒலிக்கோப்பு

மெட்டுப்பித்தன், அருமை! படைப்பைக் கேட்டதும் பிடித்துவிட்டீர்கள். நான் ட்யூனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் சொன்னதில் எனக்கு வேண்டியது முழுக்க இருக்கிறது.

ஆனால் மாற்றி வாசித்தது என்பதை ஏற்க முடியவில்லை. B மேஜரில் வாசித்திருந்தால் ஊசி B-யில் வந்து நிற்கும், அந்த 18 சென்ட் எங்கிருந்து வந்தது? G எங்கே E ஆனது என்று கணக்கிடுங்கள். G-யிலிருந்து E மூன்று அரைச்சுரம் கீழே. அதற்கு 18 சென்ட் மேலே என்றால் மொத்த இறக்கம் 2.82. அது 0.85-தான், 0.9-ம் இல்லை, 0.8-ம் இல்லை. 0.9 ஆக இருந்தால் F கேட்டிருக்கும், 0.8 ஆக இருந்தால் E♭ கேட்டிருக்கும். மூலச் சுருதி தெரிந்ததால் மூன்றில் ஒன்று என்ற குழப்பம் தீர்ந்துவிட்டது.

பியானோவே 440-க்குப் பதில் 442-க்குச் சுருதி சேர்த்திருந்தால் 8 சென்ட் தள்ளிப்போகும். ஆனால் வேகம் ஒரு சதவீதம் மாறினால் ஊசி 17 சென்ட் நகரும், எனவே பிழை அரை சதவீதத்துக்குள்தான்.

காற்றாடி, 0.85-ஐத் திருப்ப 1-ஐ அதால் வகுத்தால் 1.176:

```
ffmpeg -ss 9 -i reel.mp4 -af "pan=mono|c0=0.5*c0-0.5*c1,aresample=44100,asetrate=44100*1.176,aresample=44100" fast.wav
```

சுருதியை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் மாற்றும் வசதியை இங்கே எடுக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து மாறியதை இரண்டும் சேர்ந்தே திருப்ப வேண்டும்.

மெட்டுப்பித்தன்

18 சென்ட்டை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைப்பு தெரிந்த பிறகு இன்னும் ஏன் ஷசாம்? எந்தப் பதிவை எடுத்தாலும் அதே சாட்டிதானே?

காற்றாடி

எனக்கு அதே சாட்டி இல்லை. நீங்கள் பெயர் சொன்னதும் ஆறேழு பதிவுகளைக் கேட்டேன். எதுவும் இது இல்லை. இதில் இரண்டாவது கொத்தை வாசிப்பவர் ஒரு மயிரிழை தாமதித்துத் தொடுகிறார், விரலை வைக்கலாமா என்று யோசிப்பது போல. 0:16-க்குப் பிறகு அவர் பேசாத அந்த இடத்தில் அது தெளிவாகக் கேட்கும். எனக்கு அந்தக் கை வேண்டும்.

ஒலிக்கோப்பு

அதற்காகத்தான் கைரேகை. முனகல் தேடல் படைப்பைச் சொல்லும், கைரேகை பதிவைச் சொல்லும். ஆயிரம் பேர் வாசித்த ஒன்றில் படைப்பின் பெயர் தெரிந்தும் தேடல் பாதியில்தான் நிற்கிறது.

காற்றாடி

வந்துவிட்டது!!

fast.wav-ஐ ஓடவிட்ட ஆறேழு விநாடியில் ஷசாம் ஜிம்னோபெடி என்று காட்டியது. ஒரு தூக்க இசைத் தொகுப்பு, கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொகுப்பின் பெயர்தான். மறுபடி போட்டேன், வேறொரு தொகுப்பு, வேறு பெயர். மூன்றாவது முறை முதலாவதே வந்தது. எது சரி?

அலைவரிசை

காதை நம்பாதீர்கள், அடுக்கிப் பாருங்கள். ஆடாசிட்டியில் fast.wav-ஐ ஒரு டிராக்காகவும், கிடைத்த பாட்டின் தொடக்கத்தை இன்னொரு டிராக்காகவும் வையுங்கள். முதல் தாழ்ந்த ஸ்வரம் இரண்டிலும் ஒரே நொடியில் விழும்படி நகர்த்திவிட்டு, நான்காவது தாளக்கட்டின் ஸ்வரத்தைப் பாருங்கள். அதே பதிவு என்றால் அங்கேயும் ஒன்றாக விழும். வேறு கை வாசித்தது என்றால் இரண்டாவது தாளக்கட்டிலேயே விலகிவிடும். மனிதக் கை ஒரே இசையை இரண்டு முறை அச்சாக ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக விலகினால் மட்டும் உங்கள் 1.176 சற்றுப் பிசகியிருக்கிறது என்று பொருள்.

துண்டு 0:09-ல் தொடங்குவதால் முதலில் முந்தைய சுற்றின் வால்பகுதி வரும். அதைத் தள்ளிவிட்டு இரண்டாவது சுற்றின் தொடக்கத்திலிருந்து அடுக்குங்கள்.

காற்றாடி

அடுக்கினேன். முதல் தொகுப்பு: நான்கு தாளக்கட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அந்தத் தாமதித்த கொத்து உட்பட. இரண்டாவது தொகுப்பையும் அடுக்கினேன், அதுவும் அப்படியே ஒட்டுகிறது! இரண்டு தொகுப்புகளையும் ஒன்றுக்கொன்று அடுக்கிப் பார்த்தேன், கடைசிவரை விலகவே இல்லை. இரண்டு பெயரில் ஒரே பதிவு.

ஒலிக்கோப்பு

ஆம், இந்த வகைத் தொகுப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. சாட்டி 1925-ல் இறந்தார், பல நாடுகளில் படைப்புக்கு இப்போது உரிமை இல்லை. பதிவுக்கு உரிமை தனி. ஒரு பியானோ கலைஞரிடம் பதிவை வாங்கி, அதைப் பல தொகுப்புகளில் பல தலைப்புகளில் போட்டுவிடுகிறார்கள். பதிவு எண் இரண்டிலும் வேறாக இருந்தாலும் அதை வைத்து வேறு பதிவு என்று முடிவு கட்டாதீர்கள், மறுவெளியீட்டில் புது எண் போடுவது உண்டு. நீங்கள் அடுக்கிப் பார்த்ததுதான் வலுவான சான்று.

வாசித்தவர் யார் என்பதற்கு ஒவ்வொரு தளத்திலும் பாட்டின் விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு தளத்தில் வெறுமையாக இருப்பது இன்னொன்றில் நிரப்பியிருக்கலாம். இருப்பதிலேயே பழைய வெளியீட்டைத் தேடுங்கள், முதலில் வெளியானதில்தான் கலைஞர் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

நிலாமுற்றம்

எல்லாவற்றையும் படித்தேன், முன்பு கேட்ட கேள்வியை விட்டுவிடுங்கள். என்னிடம் பழைய வீடியோ ஒன்று இருக்கிறது. முழுக்க மோனோ, வேறு பிரதி கிடையாது. 12 விநாடியும் இடைவிடாமல் பேச்சு, அடியில் ஒரு பெண் பாடுகிறார். கழித்தால் எதுவும் மிஞ்சாது. டீமக்ஸில் இப்படிப் போட்டேன்:

```
demucs --two-stems=vocals video.wav
```

பேச்சு போய்விட்டது, ஆனால் அந்தப் பெண்ணின் பாட்டும் பேச்சோடு போய்விட்டது. மிஞ்சியதில் ஒரு தந்தி வாத்தியம் நடுங்கிக்கொண்டு கேட்கிறது. ஷசாமுக்குப் புரியவில்லை.

ஒலிக்கோப்பு

அந்தக் கருவிக்குப் பேசும் குரலும் பாடும் குரலும் ஒன்றுதான், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடும். எனவே `vocals.wav`-ஐயும் தூக்கி எறியாமல் கேளுங்கள். வாத்தியம் விலகியதால் பாட்டின் சொல் ஒன்றிரண்டு அதில் தெளிவாகக் கேட்கலாம். மூன்று சொல் தொடர்ச்சியாகக் கிடைத்தால் வரியாகத் தேடலாம். `no_vocals.wav`-ஐ ட்யூனரில் காட்டி ஊசி எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். இடைவெளியே இல்லாத மோனோவில் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நிலாமுற்றம்

கேட்டேன். "வாசல்" என்று ஒரு சொல் நிச்சயம். அடுத்தது "திறக்கும்" அல்லது "சிரிக்கும்". ஊசி நடுவில்தான் நிற்கிறது. இரவு மறுபடி உட்கார்கிறேன்.

காற்றாடி

நான்கு தளங்களில் பார்த்துவிட்டேன். மூன்றில் தொகுப்பின் பெயர் மட்டும். நான்காவதில் ஒரு பியானோ கலைஞரின் பெயர் இருக்கிறது, ஆனால் அவருடைய சொந்தப் பக்கத்தில் இருக்கும் ஜிம்னோபெடியை அடுக்கினால் இரண்டாவது தாளக்கட்டிலேயே விலகுகிறது. அவர் இரண்டு முறை பதிவு செய்தாரா, அல்லது பெயர் தவறாக ஏறியதா, தெரியவில்லை. அவருக்கே எழுதிக் கேட்டிருக்கிறேன், அந்த நான்கு விநாடித் துண்டையும் சேர்த்து. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

மெட்டுப்பித்தன்

அந்தத் தாமதக் கொத்தை இப்போது நானும் கேட்டேன். சரியான வேகத்தில் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது. பதில் வந்ததும் மறக்காமல் எழுதுங்கள்.